வட்டத்தை வளைத்த பலகோணங்கள்

நுழையும்முன்

வட்டத்தின் விட்டத்தைக் கொண்டு அதன் சுற்றளவைக் காண ஒரு மாறிலி வேண்டும். அதனைப் பை என்கிறோம். 22/7 என்றும் 3.14 என்றும் பள்ளியில் பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒன்றல்ல, இரண்டுமே பையும் அல்ல. அப்படியானால் பையின் மதிப்பை யார், எப்படி உறுதி செய்வது? அளவுகோலால் தீர்க்க முடியாத இந்த வழக்கை, வட்டத்துக்கு உள்ளும் புறமும் வரைந்த நேர்கோடுகள் தீர்த்துவைத்த முறையை விளக்குகிறது இப்பாடம்.

சக்கரமும் இரும்புப் பட்டையும்

தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையில் அமைந்துள்ள பூதலூர், கல்லணையில் பிரிந்து வரும் காவிரி நீரால் நெல் விளையும் பகுதியைச் சேர்ந்தது. டிராக்டர்கள் பெருகுவதற்கு முன், இத்தகைய ஊர்களில் அறுவடையான நெல்லைக் களத்திலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் கொண்டு சேர்த்தவை மாட்டு வண்டிகள். வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் இருக்கும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரியும். ஆரக்கால்களின் நுனிகளை வளைந்த மரத்துண்டுகளான வட்டைகள் இணைக்கும். வட்டைகளின் மேல் இரும்புப் பட்டை இறுக்கப்பட்டிருக்கும்.

இப்பட்டையைப் பூட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டையின் சுற்றளவு மரச்சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் ஏற்றி நீர் ஊற்றினால், சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். பட்டை சிறிது நீண்டுவிட்டாலும் பிடிப்பு இராது.

ஐந்தடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். விட்டத்தைப் போல் 3.2 மடங்கு சுற்றளவு என்று கொண்டால், அது 16 அடி. 22/7 என்று கொண்டால் ஏறத்தாழ 15.714 அடி. 3.1416 என்று கொண்டால் 15.708 அடி. முதலாவது அளவு மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ மூன்றரை அங்குலம் மிகுதி. அந்த அளவில் செய்த பட்டை சக்கரத்தில் நில்லாது என்பதைச் சோதித்தே அறிந்துவிடலாம். ஆனால் பின்னிரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர் அளவே. சுற்றிப் பார்க்கும் கயிற்றின் தடிமனும் அதன் நெகிழ்ச்சியும் இதனைவிட மிகுதியாக இருக்கும். மரமும் முழுமையான வட்டமாக இராது. எனவே அளந்து பார்த்து 22/7, 3.1416 ஆகிய இரண்டில் எது உண்மைக்கு நெருக்கமானது என்று சொல்ல இயலாது. அளவை நிற்கும் இடத்திலிருந்து சிந்தனை தொடர வேண்டியிருக்கிறது.

மூன்று மதிப்புகள்

மேலே கண்ட மூன்று மதிப்புகளும் வெறும் எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்தவை அல்ல, நூல்களில் வழங்கியவை.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் தமிழ்க் கணக்கு நூல்களுள் புகழ்பெற்றது. விட்டத்தை இரட்டித்து, அதனை நான்மாவால் பெருக்கி, வந்ததை எட்டால் பெருக்கினால் வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும் என்ற விதி அதில் உள்ளது. மா என்பது இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்ன அளவு. தஞ்சைப் பகுதியின் நில அளவையில் இருபது மா ஒரு வேலி என்பதிலும் இப்பொருளைக் காணலாம். நான்மா என்பது இருபதில் நான்கு, அதாவது ஐந்தில் ஒன்று. ஆகவே இரண்டு, ஐந்தில் ஒன்று, எட்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 16/5, அதாவது 3.2 கிடைக்கிறது. மனக்கணக்காகச் செய்வதற்கு எளிய விதி இது.

கி.பி. 499ஆம் ஆண்டையொட்டி எழுந்த ஆரியபட்டீயம், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்கிறது. இது 3.1416 ஆகும். இம்மதிப்பை முழுமையானது என்று ஆரியபட்டர் கூறவில்லை. 'ஆசன்னம்', அதாவது அண்மையானது என்ற அடைமொழியுடனேயே தருகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி, 3927/1250 என்பதை நுண்ணிய மதிப்பாகவும், 22/7 என்பதை நடைமுறைக்குரிய மதிப்பாகவும் குறிப்பிடுகிறது. 3927/1250 என்பதும் 3.1416 தான்.

இம்மூன்றில் எவை கூடுதல், எவை குறைவு, எந்த அளவுக்கு என்று தீர்ப்பளிக்க, பையின் சரியான மதிப்பு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பை இன்ன எண்ணைவிடப் பெரியது, இன்ன எண்ணைவிடச் சிறியது என்று இரு பக்கமும் எல்லை கட்டிவிட்டால் போதும். அந்த எல்லைகளுக்கு வெளியே விழும் எந்த மதிப்பும் தவறானதே. இவ்வாறு எல்லை கட்டும் முறையைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்கூசு நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு தெளிவாக நிறுவினார்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

நெல் தூற்றும் களத்தின் நடுவில் ஒரு முளையை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையால் தரையில் ஒரு வட்டம் வரைவதாகக் கொள்வோம். கயிற்றின் நீளமே ஆரம். அந்த நீளத்தை 1 என்று வைத்துக்கொண்டால் விட்டம் 2 ஆகும்.

இப்போது அதே கயிற்றை வட்டக்கோட்டின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராக இழுத்து வைத்து, அங்கிருந்து மீண்டும் வைத்துக்கொண்டே சென்றால், ஆறாவது முறை தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். மையத்தையும் அடுத்தடுத்த இரு புள்ளிகளையும் இணைத்தால் கிடைப்பது சமபக்க முக்கோணம் என்பதே இதற்குக் காரணம். இவ்வாறு வட்டத்தின் மேல் எல்லா முனைகளும் அமையுமாறு உள்ளே வரையும் ஒழுங்கு அறுகோணத்தின் சுற்றளவு 6. அதனை விட்டமாகிய 2ஆல் வகுத்தால் 3. இரு புள்ளிகளுக்கிடையே நேர்கோடே மிகக் குறுகிய வழி. ஆகவே அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கமும் தனக்கு எதிரேயுள்ள வில்லைவிடக் குறுகியது. எனவே பை 3ஐவிடப் பெரியது. இது கீழெல்லை.

மேலெல்லைக்கு, ஒவ்வொரு பக்கமும் வட்டத்தைத் தொட்டுச் செல்லுமாறு வெளியே ஓர் அறுகோணம் வரைய வேண்டும். அதன் சுற்றளவு வட்டத்தின் சுற்றளவைவிடப் பெரியது என்பது கண்ணுக்குத் தோன்றினாலும், காரணம் சொல்லுவது அவ்வளவு எளிதன்று. வளைந்த கோட்டையும் அதற்கு வெளியே மடிந்து செல்லும் நேர்கோடுகளையும் நேரடியாக ஒப்பிட முடியாது. இங்கே பரப்பளவு துணை செய்கிறது.

வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் அதன் பரப்பாகிய குழி கிடைக்கும் என்பது கணக்கதிகாரம் தரும் மற்றொரு விதி. இவ்விதி தோராயமானதன்று, முற்றிலும் சரியானது. வெளியே வரைந்த பலகோணத்துக்கும் இதே விதி பொருந்தும். மையத்திலிருந்து அதன் முனைகளுக்குக் கோடுகள் வரைந்தால் பலகோணம் பல முக்கோணங்களாகப் பிரியும். ஒவ்வொன்றின் உயரமும் வட்டத்தின் ஆரமே. ஆகவே பலகோணத்தின் பரப்பு, அதன் சுற்றளவில் பாதியை ஆரத்தால் பெருக்கியதற்குச் சமம். வட்டம் பலகோணத்துக்குள் அடங்கியிருப்பதால் பலகோணத்தின் பரப்பே பெரியது. இரண்டிலும் ஆரம் ஒன்றே என்பதால், பரப்பு பெரியதாயின் சுற்றளவும் பெரியதே.

வெளி அறுகோணத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.4641 வருகிறது. ஆக, பை 3க்கும் 3.4641க்கும் இடையே இருக்கிறது. நம் மூன்று மதிப்புகளும் இந்த அகன்ற இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. தீர்ப்புச் சொல்ல இது போதாது. எல்லைகளை நெருக்க வேண்டும்.

பக்கங்களை இரட்டித்தல்

எல்லைகளை நெருக்கும் வழி, பக்கங்களின் எண்ணிக்கையை ஆறிலிருந்து பன்னிரண்டாகவும், பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்காகவும் இரட்டித்துக்கொண்டே செல்வதாகும். உள்ளே வரைந்த பலகோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வில்லின் நாணாகக் கருதலாம். நாணின் நடுப்புள்ளிக்கும் வட்டத்தின் மையத்துக்கும் உள்ள தொலைவை நடுத்தூரம் என்போம். நாணின் நடுப்புள்ளிக்கும் வில்லின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை அம்பு என்பது இந்தியக் கணித மரபு. ஆரம் 1 ஆதலால், நடுத்தூரமும் அம்பும் சேர்ந்து 1 ஆகும்.

முதற்படியாக நடுத்தூரத்தைக் காண வேண்டும். மையம், நாணின் நடுப்புள்ளி, நாணின் ஒரு முனை ஆகிய மூன்றும் செங்கோண முக்கோணம் ஆகின்றன. அறுகோணத்தில் பக்கம் 1. அதன் பாதி 0.5. பிதாகரஸ் தேற்றத்தின்படி 1இலிருந்து 0.25ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால் நடுத்தூரம் 0.866025 எனக் கிடைக்கிறது.

இரண்டாம் படியில் புதிய பக்கத்தைக் காண வேண்டும். வில்லின் உச்சியையும் நாணின் முனையையும் இணைக்கும் கோடே பன்னிரு கோணத்தின் பக்கம். அரை நாணும் அம்பும் செங்கோணத்தில் சந்திப்பதால், மீண்டும் பிதாகரஸ் தேற்றமே பயன்படுகிறது. அம்பு 0.133975. அரை நாணின் வர்க்கம் 0.25, அம்பின் வர்க்கம் 0.017949, கூட்டினால் 0.267949. இதன் வர்க்கமூலம் 0.517638. இதுவே புதிய பக்கம். பன்னிரண்டால் பெருக்கி 2ஆல் வகுத்தால் 3.105829. இது புதிய கீழெல்லை.

மூன்றாம் படியில் வெளிப் பலகோணத்தைக் காணலாம். பன்னிரு கோணத்தின் நடுத்தூரத்தை முதற்படியில் கண்டவாறே கணக்கிட்டால் 0.965926 வருகிறது. உள்ளே உள்ள பலகோணமும் வெளியே உள்ள பலகோணமும் வடிவொத்தவை. உட்பலகோணத்தில் மையத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள தொலைவு 0.965926, வெளிப் பலகோணத்தில் அத்தொலைவு 1. எனவே கீழெல்லையை நடுத்தூரத்தால் வகுத்தால் மேலெல்லை கிடைத்துவிடும். 3.105829ஐ 0.965926ஆல் வகுத்தால் 3.215390.

இம்மூன்று படிகளையும் மீண்டும் மீண்டும் செய்வதே முறை. கோணங்களை அளக்க வேண்டியதில்லை. பையின் மதிப்பை எங்கும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவை மட்டுமே போதும். ஆறு இலக்கத் தசமத் திருத்தத்தில் கிடைக்கும் முடிவுகள் வருமாறு:

| பக்கங்கள் | கீழெல்லை | மேலெல்லை |
|---|---|---|
| 6 | 3.000000 | 3.464102 |
| 12 | 3.105829 | 3.215390 |
| 24 | 3.132629 | 3.159660 |
| 48 | 3.139350 | 3.146086 |
| 96 | 3.141032 | 3.142715 |

கீழெல்லை ஏறிக்கொண்டே செல்கிறது. மேலெல்லை இறங்கிக்கொண்டே வருகிறது. இது தற்செயலன்று. உள்ளே ஒரு பக்கத்துக்குப் பதிலாக இரு பக்கங்கள் வழியாகச் சுற்றி வரும்போது வழி நீள்கிறது. வெளியே ஒவ்வொரு மூலையையும் வெட்டிவிடும்போது வழி குறுகுகிறது. சதுரக் கட்டையின் நான்கு மூலைகளைச் செதுக்கி எண்பட்டையாக்கி, பின் அதன் எட்டு மூலைகளையும் செதுக்கிப் பதினாறு பட்டையாக்கி உருளை வடிவம் கொண்டுவரும் தச்சரின் வேலை இத்தகையதே. பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தின் சேட்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாசை என்னும் நூல், இவ்வாறே வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தில் தொடங்கி, மூலைகளை வெட்டி எண்கோணம், பதினாறு கோணம் எனச் சென்று வட்டத்தின் சுற்றளவை நெருங்கும் முறையை விளக்குகிறது.

தீர்ப்பு

இனி மூன்று மதிப்புகளையும் இவ்வெல்லைகளின் முன் நிறுத்தலாம். பன்னிரண்டு ஆரக்கால்கள் உடைய ஐந்தடிச் சக்கரத்தில் ஆரக்கால் நுனிகள் வழியே நூலை இழுத்துக் கட்டினால் பன்னிரு கோணம் அமையும். அந்நிலையில் சுற்றளவு 15.529 அடிக்கும் 16.077 அடிக்கும் இடையே இருக்க வேண்டும் என்று மட்டுமே அறிகிறோம். கணக்கதிகார விதி தந்த 16 அடி இன்னும் உள்ளேயே இருக்கிறது. பக்கங்களை இருபத்து நான்காக்கினால் மேலெல்லை 15.798 அடியாகக் குறைந்துவிடுகிறது. 16 அடி வெளியே விழுகிறது. 3.2 மிகையானது என்பது இருபத்து நான்கு பக்கங்களிலேயே ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது.

22/7 இதனைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. அதன் தசம வடிவம் 3.142857. நாற்பத்தெட்டுப் பக்கங்களில் மேலெல்லை 3.146086 ஆதலால் அதனை மறுக்க இயலாது. தொண்ணூற்றாறு பக்கங்களில் மேலெல்லை 3.142715 ஆகிறது. 22/7 மிக நூலிழையில் வெளியே விழுகிறது. எனவே 22/7 பைக்குச் சமமன்று, பையைவிடப் பெரியது.

ஆர்க்கிமிடீசு தம் ஆய்வை நிறுத்திய இடமும் இத்தொண்ணூற்றாறு கோணமே. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3 10/71 மடங்குக்கு மேல், 3 1/7 மடங்குக்குக் கீழ் என்று அவர் முடிவுரைத்தார். 3 1/7 என்பது 22/7 தான். அதனை அவர் பையின் மதிப்பாகக் கூறவில்லை, பை தாண்டாத வரம்பாகவே கூறினார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வரம்பாகச் சொல்லப்பட்டது காலப்போக்கில் மதிப்பாக வழங்கலாயிற்று.

முந்நூற்று எண்பத்து நான்கு பக்கங்கள்

மூன்றாவது மதிப்பாகிய 3.1416 எவ்வாறு வந்தது? ஆரியபட்டீயம் அதனைப் பெற்ற வழியைக் கூறவில்லை. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டில் லீலாவதிக்கு உரை எழுதிய கணேச தைவக்ஞர், அதனைப் பலகோணத்தால் விளக்குகிறார். விட்டம் 100 உள்ள வட்டத்துக்குள் அறுகோணத்தில் தொடங்கி 12, 24, 48, 96, 192, 384 என இரட்டித்துச் சென்றால், 384 பக்கங்களின் சுற்றளவு 98694 என்பதன் வர்க்கமூலமாகும் என்கிறார் அவர். அது ஏறத்தாழ 314.156. அதனை விட்டமாகிய 100ஆல் வகுத்தால் 3.14156. இதிலிருந்து 3927/1250 என்ற பின்னத்துக்கு அவர் வருகிறார்.

இக்கணக்கை மேற்கண்ட மூன்று படிகளால் நாமும் சரிபார்க்கலாம். 384 பக்கங்களில் கீழெல்லை 3.141558, மேலெல்லை 3.141663. கணேசர் தந்த சுற்றளவு கீழெல்லையோடு நன்கு பொருந்துகிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். உள்ளே வரைந்த பலகோணம் தருவது எப்போதும் பையைவிடக் குறைவான எண்ணே. 3.14156 என்பதை 3.1416 என்று முழுமையாக்கியபோது எண் சற்றே உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த பின் அது பைக்குக் கீழே இருக்கிறதா, மேலே சென்றுவிட்டதா? உட்பலகோணம் மட்டும் இதற்கு விடை தராது. வெளிப் பலகோணத்தையும் கேட்க வேண்டும்.

384 பக்கங்களில் 3.1416 இரு எல்லைகளுக்கும் நடுவே நிற்கிறது, எனவே தீர்ப்பில்லை. 768 பக்கங்களில் மேலெல்லை 3.141610, இன்னும் தீர்ப்பில்லை. 1536 பக்கங்களில் கீழெல்லை 3.141590, மேலெல்லை 3.141597. இப்போது 3.1416 வெளியே விழுந்துவிட்டது. அதுவும் பையைவிடப் பெரியதே. ஆனால் ஐந்தடிச் சக்கரத்தில் அதனால் வரும் பிழை ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆரியபட்டர் சொன்ன 'அண்மை' என்ற சொல்லின் பொருள் இங்கே விளங்குகிறது.

பிழை நுழையும் இடம்

முறை சரியாக இருந்தும் விடை தவறக்கூடும். ஒவ்வொரு படியிலும் வர்க்கமூலம் காண்கிறோம். வர்க்கமூலங்கள் பெரும்பாலும் முடிவின்றி நீளும் தசமங்கள். எங்கேனும் அவற்றை வெட்டியாக வேண்டும். வெட்டிய இடத்தில்தான் பிழை நுழைகிறது.

இரண்டாம் படியைச் சுருக்கினால் ஓர் எளிய வாய்பாடு கிடைக்கும். புதிய பக்கத்தின் வர்க்கம், 2இலிருந்து நடுத்தூரத்தின் இருமடங்கைக் கழித்ததற்குச் சமம். அறுகோணத்தில் 2இலிருந்து 1.732050ஐக் கழித்தால் 0.267950. முன்பு கண்ட 0.267949 உடன் கடைசி இலக்கம் தவிர ஒத்துப்போகிறது. இந்த எளிய வாய்பாட்டை, ஒவ்வொரு படியிலும் நான்கு தசம இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு பயன்படுத்திப் பார்ப்போம். பன்னிரண்டு பக்கங்களில் 3.1062, இருபத்து நான்கில் 3.1344, நாற்பத்தெட்டில் 3.1464, தொண்ணூற்றாறில் 3.1824 என்று வருகிறது.

கடைசி எண் தவறு என்பதை அறிய உண்மையான விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் எந்தப் பலகோணமும் வெளியே இருக்கும் எந்தப் பலகோணத்தைவிடவும் நீண்டிருக்க முடியாது. இருபத்து நான்கு பக்க வெளிப் பலகோணம் 3.1597 அளவே இருக்கையில், தொண்ணூற்றாறு பக்க உட்பலகோணம் 3.1824 ஆக எப்படி இருக்கும்? முரண்பாடே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உள்ளும் புறமும் இணைத்துக் கணக்கிடுவதன் மற்றொரு பயன் இது.

பிழைக்குக் காரணம் கழித்தல். பக்கங்கள் பெருகப் பெருக நடுத்தூரம் 1ஐ நெருங்குகிறது. நாற்பத்தெட்டுப் பக்கங்களில் நான்கு இலக்கங்களுக்கு அது 0.9978. இதன் இருமடங்கை 2இலிருந்து கழித்தால் 0.0044 மட்டுமே மிஞ்சுகிறது. நான்கு இலக்கங்களுடன் தொடங்கிய எண்ணில் பொருளுள்ள இலக்கங்கள் இரண்டே எஞ்சுகின்றன. ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போதெல்லாம் இந்த இழப்பு நேரும்.

கழித்தலே இல்லாத வழியும் உண்டு. ஒரு நிலையின் கீழெல்லையையும் மேலெல்லையையும் பெருக்கி, இரட்டித்து, அவ்விரண்டின் கூடுதலால் வகுத்தால் அடுத்த மேலெல்லை கிடைக்கும். அந்தப் புதிய மேலெல்லையைப் பழைய கீழெல்லையால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அடுத்த கீழெல்லை கிடைக்கும். 3, 3.464102 ஆகியவற்றிலிருந்து இவ்வாறு தொடங்கினால் 3.215390, 3.105829 என முன்பு கண்ட அதே எண்கள் வருவதைக் காணலாம். இதில் இலக்கங்கள் கரைந்துபோவதில்லை.

கால்குலேட்டரோ தசமக் குறியீடோ இல்லாத காலத்தில் ஆர்க்கிமிடீசு வேறு விழிப்புடன் செயல்பட்டார். மூன்றின் வர்க்கமூலத்தை ஒரே எண்ணாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 265/153ஐவிடப் பெரியது, 1351/780ஐவிடச் சிறியது என்று அதற்கும் இரு வரம்புகள் வைத்தார். கீழெல்லை காணும்போது எண்களைக் குறையும் திசையிலேயே வெட்டினார்; மேலெல்லை காணும்போது கூடும் திசையிலேயே வெட்டினார். அதனால் எல்லைகள் சற்றே அகன்றன. அவர் தந்த கீழெல்லையாகிய 3 10/71 என்பது 3.140845, நம் அட்டவணையில் இருப்பது 3.141032. ஆயினும் அகன்ற எல்லை பொய்யாகாது. கண்டபடி முழுமையாக்கிப் பெறும் குறுகிய எல்லை பொய்யாகிவிடக்கூடும்.

முறையின் எல்லை

அட்டவணையில் இரு எல்லைகளுக்கும் உள்ள இடைவெளியை நோக்கினால் ஓர் ஒழுங்கு தென்படும். அறுகோணத்தில் இடைவெளி 0.4641. அடுத்து 0.1096, அடுத்து 0.0270, அடுத்து 0.0067, அடுத்து 0.0017. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் இடைவெளி ஏறத்தாழக் கால் பங்காகிறது. ஐந்து முறை இரட்டித்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதாவது, மூன்று தசம இலக்கங்களைப் புதிதாகப் பெற ஐந்து முறை வர்க்கமூலம் காண வேண்டும். அவ்வர்க்கமூலங்களும் ஒவ்வொரு முறையும் கூடுதல் இலக்கங்களுடன் அமைய வேண்டும்.

இந்த உழைப்பை இறுதிவரை மேற்கொண்டவர் லுடால்ப் வான் சியூலன். 1610ஆம் ஆண்டு மறைந்த இவர், பலகோண முறையாலேயே பையின் 35 தசம இலக்கங்களைக் கணக்கிட்டார். அதற்கு வாழ்நாளின் பெரும்பகுதி செலவாயிற்று. இதற்கு அப்பால் செல்லப் பலகோணம் ஏற்ற கருவியாக இல்லை. கேரளத்தின் மாதவர் மரபினர் முன்பே கண்டிருந்தவை போன்ற முடிவிலாத் தொடர்கள் அதன் இடத்தைப் பிடித்தன. யுக்திபாசை, பலகோணத்தை விளக்கிய பின் வர்க்கமூலம் இல்லாமலே சுற்றளவைப் பெறும் தொடருக்குச் செல்வது இக்காரணம் பற்றியே.

ஆனால் தொடர்கள் தரும் இலக்கங்கள் எத்தனை நீண்டாலும், ஒரு மதிப்பு கூடுதலா, குறைவா என்று எவருடைய சொல்லையும் நம்பாமல் அறிய விரும்புவோருக்கு, முளையும் கயிறும் அறுகோணமும் இன்றும் போதுமானவை.

தெரிந்து தெளிவோம்

காவிரிப் படுகையைச் சேர்ந்த கும்பகோணத்தில் பயின்ற சீனிவாச இராமானுசன், 1913ஆம் ஆண்டு இந்தியக் கணிதவியல் கழகத்தின் ஆய்விதழில், 355/113 என்ற மதிப்பைப் பயன்படுத்தி வட்டத்துக்கு ஏறத்தாழச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரையும் முறையை வெளியிட்டார். 355/113 என்பது 3.1415929. இதுவும் பையைவிடச் சற்றே பெரியது. 1536 பக்கப் பலகோணத்தின் இரு எல்லைகளுக்கும் உள்ளேயே இது அடங்குவதால், அப்பலகோணத்தால் இதனை மறுக்க இயலாது.

கற்பவை கற்றபின்…

1. வகுப்பறைத் தரையிலோ விளையாட்டுத் திடலிலோ கயிற்றைக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, அதே கயிற்றால் உள்ளே அறுகோணம் அமைத்துக் காட்டுக. ஆறாவது பக்கம் தொடங்கிய புள்ளியில் சரியாகச் சேரவில்லையெனில் அதற்கான காரணத்தை ஆராய்க.

2. சதுரத்தில் தொடங்கினால் கீழெல்லை 2.828427, மேலெல்லை 4. கழித்தல் இல்லாத வழியைப் பயன்படுத்தி 8, 16, 32 பக்கங்களுக்குரிய எல்லைகளைக் காண்க. கணக்கதிகார விதியின் 3.2 எத்தனை பக்கங்களில் மறுக்கப்படுகிறது என்று எழுதுக.

3. வரம்பாகக் கூறப்பட்ட 22/7, மதிப்பாக வழங்கியதனால் நேர்ந்த நன்மையும் குழப்பமும் குறித்து வகுப்பில் உரையாடுக.